.io போய்விடுமா? காட்பாடி நிறுவனம் ஒன்றின் இணைய முகவரியை மாற்றிய விவரம்

2024 அக்டோபர் 3 அன்று பிரிட்டனும் மொரிஷியசும் சேர்ந்து ஓர் அறிவிப்பு வெளியிட்டன. இந்தியப் பெருங்கடலில் உள்ள சாகோஸ் தீவுகளின் ஆட்சியுரிமை மொரிஷியசுக்குப் போகிறது என்பதுதான் அறிவிப்பு. அது காட்பாடியில் இரண்டு அறை ஆபீஸில் உட்கார்ந்து ஷூ கம்பெனிகளுக்கு மென்பொருள் எழுதும் சகோதரர்கள் இருவரின் தூக்கத்தைக் கெடுத்தது. அவர்கள் இணைய முகவரி `.io` என்று முடியும். சின்னவர் எனக்குப் போன் செய்து கேட்டது ஒரே கேள்வி: "அண்ணா, நம்ம சைட் போயிடுமாண்ணா?"

நான் வேலூரில் சின்ன நிறுவனங்களுக்கு டொமைன், ஹோஸ்டிங், மெயில் பார்த்துக்கொடுப்பவன். இந்தக் கேள்விக்கு ஆமாம், இல்லை என்று ஒரு வார்த்தையில் பதில் சொல்ல முடியாது. ஏன் முடியாது, கடைசியில் என்ன முடிவெடுத்தோம், எந்த வரிசையில் செய்தோம் என்பதை முழுசாக எழுதி வைக்கிறேன். `.io`, `.ai`, `.co`, `.me` என்று பெயர் வாங்கி வைத்திருக்கும் யாருக்கும் இது உதவும்.

முதலில் ஒரு அடிப்படை. புள்ளிக்குப் பிறகு இரண்டே ஆங்கில எழுத்து வந்தால் அது ஏதோ ஒரு நாட்டின் அல்லது ஆட்சிப்பகுதியின் பெயரில் இருக்கிறது, ஐரோப்பிய ஒன்றியத்தின் `.eu` போல ஒன்றிரண்டுதான் விதிவிலக்கு. `.tv` டெலிவிஷன் இல்லை, துவாலு. `.ai` அங்குவிலா என்கிற கரீபியன் தீவு. `.me` மாண்டினீக்ரோ, `.co` கொலம்பியா. `.io` என்பது இன்புட் அவுட்புட் இல்லை, 'பிரிட்டிஷ் இந்தியப் பெருங்கடல் பகுதி'. புரோகிராமர்களுக்கு அந்த இரண்டு எழுத்தும் வேறு அர்த்தம் தந்ததால் உலகமே அதை வாங்கியது, அவ்வளவுதான்.

இந்த எழுத்துகளை யார் முடிவு செய்கிறார்கள் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. இணையத்தின் பெயர்ப் பட்டியலை ஆரம்ப காலத்தில் கிட்டத்தட்ட ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொண்டவர் ஜான் போஸ்டல். எது நாடு, எது நாடு இல்லை என்று தீர்ப்புச் சொல்லும் வேலை அவருக்கு வேண்டாம். அதனால் ஏற்கெனவே இருந்த ஒரு பட்டியலை அப்படியே எடுத்துக்கொண்டார். அதுதான் ஐஎஸ்ஓ என்ற சர்வதேசத் தர அமைப்பு 1974-இல் முதலில் வெளியிட்ட நாட்டுக் குறியீட்டுப் பட்டியல், ஐஎஸ்ஓ 3166. அந்தப் பட்டியலில் இருந்தால் புள்ளிக்குப் பின் வரும் முடிவெழுத்து உண்டு, இல்லையென்றால் இல்லை. இந்தக் கொள்கையை 1994-இல் ஆர்.எஃப்.சி. 1591 என்ற ஆவணத்தில் எழுதியும் வைத்தார். ஐஎஸ்ஓவும் தானாக நாடுகளைச் சேர்ப்பதில்லை, ஐக்கிய நாடுகள் சபையின் பட்டியல்களைப் பார்த்துத்தான் சேர்க்கிறது.

எழுத்துகள் சில நேரம் விசித்திரமாக இருப்பதற்கும் இந்தப் பட்டியல்தான் காரணம். நம்ம ஊர் ஸ்டேஷன்களில் காட்பாடிக்கு KPD, வேலூர் கண்டோன்மென்டுக்கு VLR என்று இருக்கிறது, அரக்கோணத்துக்கு மட்டும் AJJ. பெயரைப் பார்த்து அந்தக் குறியீட்டை யாராலும் ஊகிக்க முடியாது, ஆனால் டிக்கெட்டில் அதுதான் செல்லும். நாட்டுக் குறியீடும் அப்படித்தான். ஆம்பூரிலிருந்தோ ராணிப்பேட்டையிலிருந்தோ சரக்கு அனுப்புகிறவர்கள் ஏற்றுமதிக் காகிதங்களில் DE என்றும் CH என்றும் தினமும் பார்க்கிறார்கள். DE ஜெர்மனி, அவர்கள் மொழியில் டாய்ச்லாண்ட். CH சுவிட்சர்லாந்து. அங்கே நான்கு மொழி இருப்பதால் எந்த மொழிக்கும் பக்கம் சாயாமல் லத்தீனில் 'கான்ஃபெடரேஷியோ ஹெல்வெடிகா' என்று வைத்துக்கொண்டார்கள். தென்னாப்பிரிக்காவுக்கு ZA, ஏனென்றால் SA சவூதி அரேபியாவிடம் இருக்கிறது, அதனால் டச்சுப் பெயரான 'Zuid-Afrika'வின் முதலெழுத்தான Z வந்தது. இலங்கைக்கு LK.

பிரிட்டன் கதைதான் இதில் எனக்கு மிகவும் பிடித்தது. ஐஎஸ்ஓ பட்டியலில் அதன் குறியீடு GB, கிரேட் பிரிட்டன். ஆனால் அந்த நாட்டுப் பல்கலைக்கழகங்கள் இணையம் பரவுவதற்கு முன்பே தங்களுக்குள் ஒரு வலைப்பின்னல் வைத்திருந்தன, அதில் UK என்று எழுதிப் பழகிவிட்டார்கள். 1985-இல் `.uk` பதிவானபோது இந்த ஐஎஸ்ஓ விதி இறுகியிருக்கவில்லை. பின்னால் விதி வந்தபோது `.uk` உள்ளே உட்கார்ந்தாகிவிட்டது. உக்ரைனுக்கு ஏன் UK இல்லை என்று சிலர் கேட்பார்கள். உக்ரைன் சோவியத்துக்குள் இருந்தபோதே ஐ.நா.வில் தனி உறுப்பினர். அதனால் 1974 பட்டியலிலேயே அதற்கு UA என்று தனிக் குறியீடு இருந்தது. UK என்பதை ஐஎஸ்ஓ பிறகு 'விதிவிலக்காக ஒதுக்கப்பட்டவை' என்கிற தனி வகுப்பில் வைத்தது. இந்த வகுப்பை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், `.io` பிழைக்குமா என்பதில் இது வரும்.

சரி, `.io`வுக்கு வருவோம்.

1965 நவம்பரில், மொரிஷியசுக்குச் சுதந்திரம் கொடுப்பதற்கு மூன்று வருடத்துக்கும் குறைவான காலத்துக்கு முன், பிரிட்டன் சாகோஸ் தீவுகளை அதிலிருந்து வெட்டியெடுத்து, வேறு சில தீவுகளையும் சேர்த்து ஒரு புதிய ஆட்சிப்பகுதியை உருவாக்கியது. நோக்கம் அமெரிக்காவுக்கு டியாகோ கார்சியாவில் ராணுவத் தளம். 1968-லிருந்து 1973-க்குள் அங்கே தலைமுறைகளாக வாழ்ந்த 1,500 பேருக்கு மேல் வெளியேற்றப்பட்டு மொரிஷியசிலும் செஷல்சிலும் இறக்கிவிடப்பட்டார்கள். அவர்கள் திரும்பிப் போக இன்றுவரை போராடிக்கொண்டிருக்கிறார்கள். இவ்வளவுக்கும் பிறகுதான், 1997 செப்டம்பரில், நிரந்தரக் குடிமக்கள் யாரும் இல்லாத அந்தப் பகுதிக்கு `.io` கொடுக்கப்பட்டது. அதை நடத்தியது பிரிட்டனில் இருந்த ஒரு தனியார் நிறுவனம். 2017-இல் அது சுமார் 7 கோடி டாலருக்கு அஃபிலியாஸ் என்ற நிறுவனத்துக்குக் கைமாறியது. இதில் தனக்கு வருமானம் எதுவும் வருவதில்லை என்று பிரிட்டன் அரசு சொல்லியிருக்கிறது. வெளியேற்றப்பட்ட மக்களுக்கும் எதுவும் போகவில்லை. இதை நான் சாதாரணமாகக் கடந்துபோக விரும்பவில்லை. ஒரு தீவின் பெயரில் வியாபாரம் நடக்கிறது, அந்தத் தீவுக்காரருக்கு அதில் ஒரு பைசா கிடையாது.

நமக்கு இன்னும் கிட்டத்தில் ஒரு தொடர்பும் இருக்கிறது. 2021 அக்டோபரில் கனடா நோக்கிப் போன ஒரு படகு பழுதாகி 89 இலங்கைத் தமிழர்கள் டியாகோ கார்சியாவில் கரை சேர்ந்தார்கள். அகதிகளாக ஏற்கும்படி கேட்ட அவர்களை, வேலி போட்ட ஒரு முகாமில் வருடக்கணக்கில் வைத்திருந்தார்கள். 2024 டிசம்பரில் அந்தப் பகுதியின் நீதிமன்றமே, அவர்களை அப்படி அடைத்து வைத்தது சட்டவிரோதம் என்று தீர்ப்பளித்தது. 'பிரிட்டிஷ் இந்தியப் பெருங்கடல் பகுதி' என்று அந்தச் செய்திகளில் வந்த இடமும் நம்ம புரோகிராமர்கள் ஆசையாக வாங்கும் `.io`வும் ஒன்றுதான் என்று சொன்னபோது சகோதரர்கள் இருவருக்கும் பேச்சே வரவில்லை.

அரசியல் பக்கம் இப்படிப் போனது. 2019 பிப்ரவரியில் சர்வதேச நீதிமன்றம், சாகோசைப் பிரித்தது சட்டப்படி சரியாக நடக்கவில்லை, பிரிட்டன் வெளியேற வேண்டும் என்று ஆலோசனைக் கருத்து சொன்னது. அதே வருடம் மே மாதம் ஐ.நா. பொதுச்சபை 116-க்கு 6 என்ற கணக்கில் அதை ஆதரித்தது. பிறகு 2024 அக்டோபர் அறிவிப்பு, 2025 மே 22-இல் ஒப்பந்தத்தில் கையெழுத்து. டியாகோ கார்சியா மட்டும் 99 வருடக் குத்தகையில் பிரிட்டனின் கையில் இருக்கும். ஆனால் கையெழுத்து ஆனதும் எல்லாம் மாறிவிடாது. ஒப்பந்தம் நடைமுறைக்கு வரவேண்டும், அந்த ஆட்சிப்பகுதி இல்லாமல் போகவேண்டும், ஐ.நா. பட்டியல் மாறவேண்டும், அதைப் பார்த்து ஐஎஸ்ஓ IO-வை நீக்கவேண்டும். இத்தனை கதவும் வரிசையாகத் திறந்தால்தான் இணையத்தின் பக்கம் எதுவும் நடக்கும்.

அப்போதும் என்ன நடக்கும் என்பதற்கு எழுதிவைத்த விதி இருக்கிறது. ஐஎஸ்ஓ பட்டியலிலிருந்து ஒரு குறியீடு போனால், பெயர்ப்பட்டியலைப் பார்த்துக்கொள்ளும் ஐகான் அமைப்பு அந்த முடிவெழுத்தை நடத்துபவருக்கு ஓய்வு அறிவிப்பு அனுப்பும். அந்தத் தேதியிலிருந்து 5 வருட அவகாசம். நடத்துபவர் காரணம் காட்டித் திட்டம் கொடுத்தால் இன்னும் 5 வருடம் வரை நீட்டிக்கலாம். இந்த விதியை ஐகான் நிர்வாகக் குழு 2022-இல் ஏற்றுக்கொண்டது. ஆக, நாளைக்கே ஐஎஸ்ஓ நீக்கினால்கூட குறைந்தது ஐந்து வருடம் `.io` ஓடும். ஒருவேளை ஐஎஸ்ஓ IO-வை UK போல 'விதிவிலக்காக ஒதுக்கப்பட்டவை'யில் வைத்தால் ஓய்வே தேவைப்படாமலும் போகலாம். அது அவர்கள் கையில் இருக்கிறது, முன்கூட்டியே யாரும் உறுதி சொல்ல முடியாது.

பழைய உதாரணங்கள் இரண்டு பக்கமும் இருக்கின்றன. சோவியத் யூனியன் 1991-இல் இல்லாமல் போனது, 1990 செப்டம்பரில் பதிவான `.su` அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் ஓடியது. இதை மட்டும் காட்டி "ஒன்னும் ஆகாது" என்று சொல்பவர்கள் நிறையப் பேர். ஆனால் யூகோஸ்லாவியாவின் `.yu`வைப் பாருங்கள். நாடு உடைந்தது, மிச்சமிருந்த பகுதி 2003-இல் 'செர்பியா-மாண்டினீக்ரோ' என்று பெயர் மாற்றிக்கொண்டது. ஐஎஸ்ஓ அதற்கு CS என்று கொடுத்தது. அது பத்து வருடம் முன்பு வரை செக்கோஸ்லோவாக்கியாவிடம் இருந்த குறியீடு! பழைய ஆவணங்களில் CS என்று இருந்தால் அது எந்த நாடு என்று குழப்பம் வந்து, பலரும் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அதற்குப் பிறகுதான் ஒரு குறியீட்டைத் திரும்பப் பயன்படுத்த 50 வருடமாவது காத்திருக்க வேண்டும் என்று ஐஎஸ்ஓ இறுக்கியது. அந்த CS-க்கு இணையத்தில் `.cs` என்று பிறகு யாரும் திறக்கவே இல்லை. 2006-இல் அந்த நாடும் இரண்டானது, 2007-இல் `.rs`, `.me` வந்தன, `.yu`வுக்குக் கெடு வைத்தார்கள். 2009 செப்டம்பர் என்று சொன்ன கெடு ஆறு மாதம் தள்ளிப்போய் 2010 மார்ச் 30-இல் `.yu` நிஜமாகவே அணைக்கப்பட்டது. மாறாமல் இருந்த தளங்கள் அன்றைக்கே காணாமல் போயின. நெதர்லாந்து ஆன்டில்ஸின் `.an` 2015-இல் அப்படியே போனது. ஆக, அணைப்பார்கள். அவசரப்படாமல் அணைப்பார்கள்.

ஆனால் சின்னவரிடம் நான் அழுத்திச் சொன்னது வேறு ஒன்று. முடிவெழுத்து முழுசாகப் போவதைவிட, அது அப்படியே இருக்க உங்கள் தகுதி மட்டும் போவதுதான் அடிக்கடி நடக்கும் ஆபத்து. `.eu` வாங்க ஐரோப்பிய ஒன்றியத் தொடர்பு வேண்டும். பிரிட்டன் வெளியேறிய பிறகு 2021 ஜனவரி 1-இல் பிரிட்டனில் பதிவான 80,000-க்கும் மேற்பட்ட `.eu` பெயர்கள் நிறுத்திவைக்கப்பட்டன. தளமும் போச்சு, மெயிலும் போச்சு. `.eu` என்கிற முடிவு நன்றாகத்தான் இருந்தது. 2010-இல் லிபியா, தன் சட்டத்துக்கு ஒவ்வாது என்று சொல்லி `vb.ly` என்ற சுருக்கு முகவரியைப் பிடுங்கியது. நாட்டின் எழுத்து என்றால் நாட்டின் சட்டமும் கூடவே வரும். நாளைக்கு `.io` மொரிஷியஸ் கைக்குப் போனால்கூட, எழுத்து மாறாமல் விதிகள் மாறலாம், விலை மாறலாம். 'ஐந்து வருடம் இருக்கே' என்ற கணக்கில் இந்த வாய்ப்பு அடங்காது.

உங்கள் முடிவெழுத்து யார் பெயரில் இருக்கிறது என்று பார்க்க ஒரு வரி போதும்:

```
whois -h whois.iana.org io
```

இதில் வரும் `organisation` வரி யார் பொறுப்பு என்று சொல்லும், `created` வரியில் 1997-09-16 என்று இருக்கும். பிறகு நடத்துபவரின் தளத்தில் யார் வாங்கலாம் என்ற விதியைப் படியுங்கள். இந்த இரண்டும் தெரியாமல் பெயர் வாங்குவது பட்டா பார்க்காமல் மனை வாங்குவதுதான், நான் யாருக்கும் செய்ய விடமாட்டேன்.

அடுத்து அவர்கள் நிறுவனம் அந்தப் பெயரை எங்கெல்லாம் கட்டிவைத்திருக்கிறது என்று உட்கார்ந்து எழுதினோம். அவர்கள் மென்பொருள் செய்வது ஜாப் ஒர்க் கணக்கு. ஷூவின் மேல்பாகத்தை, இங்கே எல்லோரும் அப்பர் என்பார்கள், வெட்டிக் கட்டுக்கட்டாக வெளியே தைக்கக் கொடுக்கிறார்கள். ஒவ்வொரு கட்டிலும் ஒரு க்யூஆர் ஸ்டிக்கர். தையல் யூனிட்டில் இருக்கும் பெண் போனில் அதை ஸ்கேன் செய்தால் எத்தனை ஜோடி வந்தது, எத்தனை திரும்புகிறது என்று பதிவாகும். அந்த ஸ்டிக்கரில் இருப்பது `.io` முகவரி. ரோல் ரோலாக அச்சடித்து ஆம்பூர், பேரணாம்பட்டு யூனிட்களில் கிடக்கிறது. இதுதான் எனக்கு முதல் தலைவலி, ஏனென்றால் இணையதளத்தை ஒரு மணி நேரத்தில் மாற்றலாம், ஒட்டிய ஸ்டிக்கரை மாற்ற முடியாது.

இரண்டாவது மெயில். வாடிக்கையாளர்களோடு பேசுவது, பேங்க், ஜிஎஸ்டி எல்லாவற்றிலும் கொடுத்திருப்பது அந்த `.io` மெயில். இன்னொன்று கண்டுபிடித்தோம், இது பல இடங்களில் இருக்கிறது, உடனே போய்ப் பாருங்கள்: டொமைன் வாங்கிய இடத்தில் இருக்கும் கணக்குக்கே அந்த டொமைனின் மெயிலைத்தான் கொடுத்திருந்தார்கள். அதாவது ஏதோ காரணத்தால் டொமைன் நின்றால், அதைப் புதுப்பிக்க உள்ளே போகவேண்டும், பாஸ்வேர்டு மறந்தால் லிங்க் வரும் மெயில் அந்த டொமைனில்தான், அது நின்றுவிட்டது. சாவி பூட்டிய வீட்டுக்குள். முதல் வேலையாக அதை வேறு மெயிலுக்கு மாற்ற வைத்தேன், மற்ற எல்லாவற்றுக்கும் முன்.

மூன்றாவது போன் ஆப். அதற்குள் சர்வர் முகவரி எழுதப்பட்டிருக்கிறது. புது ஆப் கொடுத்தாலும் யூனிட்களில் பழைய போனில் பழைய ஆப்தான் மாதக்கணக்கில் ஓடும்.

முடிவு: பெயரை `.in`-க்கு மாற்றுவது, `.io`வை விடாமல் பல வருடம் கூடவே வைத்திருப்பது. `.com`-இல் அவர்கள் பெயரை வேறு யாரோ வைத்திருந்தார்கள். பெரியவர், "`.in` போட்டா வெளிநாட்டு கஸ்டமர் மதிப்பானா?" என்று கேட்டார். `.in`-உம் நாட்டின் எழுத்துதான், அதன் விதியை நம் நாட்டில் நிக்ஸி என்ற அமைப்பு வைத்திருக்கிறது, பிரச்சினை வந்தால் நம் சட்டத்தின் கீழ், நம் ஊரிலிருந்து பேசலாம், வேறு நாட்டின் எழுத்துக்கு இது கிடைக்காது என்று சொன்னேன். ஒத்துக்கொண்டார்.

மாற்றும்போது எல்லோரும் செய்வது பழைய பெயருக்கு வருகிறவர்களைப் புதுப் பெயருக்குத் திருப்பிவிடுவது. மனிதர்கள் பார்க்கும் பக்கங்களுக்கு அது சரி. ஆப் அனுப்பும் தரவுக்கு அது ஆபத்து. சோதனை சர்வரில் பார்த்தோம்: 301 என்ற வழக்கமான திருப்புதலில், ஆப் POST ஆக, அதாவது தரவை உள்ளே வைத்து அனுப்பிய ஸ்கேன் கணக்கு, புதுப் பெயருக்கு GET ஆக, அதாவது வெறும் பக்கத்தைக் கேட்பது போலப் போய்ச் சேர்ந்தது, உள்ளே இருந்த எண்ணிக்கை காணவில்லை. தையல் யூனிட்டில் அனுப்பியதாகக் காட்டும், கம்பெனியில் வரவில்லை என்று காட்டும், இரண்டு பக்கமும் சண்டை வரும். சர்வர் பதிவேட்டைப் பார்த்தால் தெரிந்துவிடும், POST இருக்கவேண்டிய இடத்தில் GET-உம் பக்கத்தில் 405 என்ற மறுப்பும் இருக்கும். 308 போட்டால் POST அப்படியே போகும். ஆனால் வேறு பெயருக்குத் திருப்பும்போது பல நிரல் நூலகங்கள் உள்நுழைவு டோக்கனைப் பாதுகாப்புக்காக உதிர்த்துவிடும், அப்போது உள்நுழையவில்லை என்று 401 வரும். அதனால் ஆப் முகவரியைத் திருப்பவே இல்லை. ஒரே சர்வர் இரண்டு பெயருக்கும் பதில் சொல்லும்படி வைத்தோம். பொதுப் பக்கங்களுக்கும் ஸ்டிக்கருக்கும் மட்டும் திருப்புதல். listen வரியையும் சான்றிதழ் வரிகளையும் இங்கே சேர்க்கவில்லை:

```
server {
    server_name api.old-name.io api.new-name.in;
    # ஆப்: இரண்டு பெயரும் இங்கேயே
}
server {
    server_name old-name.io;
    return 308 https://new-name.in$request_uri;
}
```

சான்றிதழ் இரண்டு பெயருக்கும் எடுக்கவேண்டும், பழைய பெயருக்கும் புதுப்பித்துக்கொண்டே இருக்கவேண்டும். அதை மறந்தால் திருப்புதலுக்கு முன்பே போனில் 'பாதுகாப்பற்றது' என்று நின்றுவிடும். பதிவேட்டில் `$host` சேர்த்தோம், யார் இன்னும் பழைய பெயரில் வருகிறார்கள் என்று அது ஒன்றுதான் காட்டும்.

மெயிலை இரண்டு பெயரிலும் வாங்கும்படி வைத்துவிட்டு, அனுப்புவதை மட்டும் புதுப் பெயருக்கு மாற்றினோம். மெயில் நம்மிடமிருந்துதான் போகிறது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகிம் பதிவுகள் புதுப் பெயருக்குச் சரியாக இருந்தும் முதலில் சில மெயில்கள் ஸ்பாமில் விழுந்தன. புதிதாகப் பிறந்த பெயரை மெயில் சர்வர்கள் சந்தேகத்தோடுதான் பார்க்கும். முக்கியமான வாடிக்கையாளர்களுக்குப் பழைய மெயிலிலிருந்தே முன்கூட்டி "இனி இந்த முகவரியிலிருந்து வரும்" என்று எழுதி, போனிலும் சொல்ல வைத்தேன். போனில் சொல்வது முக்கியம், ஏனென்றால் "எங்கள் முகவரி மாறிவிட்டது, பணத்தை இங்கே போடுங்கள்" என்று வரும் ஏமாற்று மெயிலும் பார்க்க இப்படித்தான் இருக்கும். பேங்க், ஜிஎஸ்டி கணக்குகளில் மெயில் மாற்றும்போது பழைய மெயிலுக்கு ஓடிபி வரலாம், அதனால் பழையது உயிரோடு இருக்கும்போதே இவற்றை முடித்துவிட வேண்டும்.

பெயர் மாறினால் எல்லோரும் ஒரு தடவை லாக் அவுட் ஆவார்கள், பழைய பெயரின் குக்கீ புதுப் பெயரில் செல்லாது. அதை ஒரு ஞாயிற்றுக்கிழமை வைத்துக்கொண்டோம். திங்கள் காலை யூனிட்களிலிருந்து பாஸ்வேர்டு கேட்டுப் போன் வந்தது, வேறு புகார் இல்லை.

இப்போது அவர்கள் நிலை இது. புது ஸ்டிக்கர் எல்லாம் `.in`. `.io` தானாகப் புதுப்பித்துக்கொள்ளும்படி இருக்கிறது. `.com` விலையைப் போல சில மடங்கு அதற்குப் போகிறது, அதைப் பற்றிப் பெரியவர் கேட்டபோது நான் ஒத்துக்கொள்ளவில்லை. பழைய பெயரை விட்டுவிட்டால், காலாவதியான பிறகு அதை யார் வேண்டுமானாலும் வாங்கலாம். வாங்கியவருக்கு இந்த நிறுவனத்துக்கு வரும் பழைய மெயில்கள் போகும், மறந்துபோன ஏதோ ஒரு கணக்கின் பாஸ்வேர்டு மாற்றும் லிங்க்கும் அங்கேதான் போகும், யூனிட்டில் கிடக்கும் பழைய ஸ்டிக்கரை ஸ்கேன் செய்தால் அவர் வைத்த பக்கம் திறக்கும். அதனால் `$host` பதிவேட்டில் பழைய பெயர் நின்று, பழைய மெயிலுக்குக் குப்பை மெயிலைத் தவிர எதுவும் வராத நிலை ஒரு முழு வருடம் நீடித்த பிறகுதான் விடுவதைப் பற்றிப் பேசவேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். `.io`வையே அணைக்கும் நாள் வந்தால் மட்டும் இந்தப் பயம் தேவையில்லை, முடிவெழுத்தே இல்லாதபோது அந்தப் பெயரை வேறு யாரும் வாங்க முடியாது. அதுவரை வருடா வருடம் பணம் கட்டத்தான் வேண்டும்.